லிங்க், ஆஃப்லைன், டவுன்லோடர், அனுமதி: அடுத்தவர் வீடியோவை எந்த வழியில் வைத்துக்கொள்வது?

யூடியூப்பில் பிடித்த வீடியோ ஒன்று கண்ணில் படுகிறது. நெட் போய்விட்டால் பார்க்க முடியாதே, நாளைக்கே அதை நீக்கிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து அதை மொபைலில் இறக்கி வைக்கத் தோன்றும். தேடினால் இறக்கித் தரும் தளங்கள் வரிசையாக வரும். லிங்க்கைப் போட்டால் வீடியோ கேலரியில் வந்து உட்கார்ந்துவிடும். இவ்வளவு எளிதாக முடிவதால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள்.

யோசிக்க இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, காப்புரிமைச் சட்டம். அது வீடியோவை எடுத்தவருக்கும் உங்களுக்கும் இடையே உள்ளது. இன்னொன்று, அந்தத் தளத்தின் பயன்பாட்டு விதிமுறைகள். அது தளத்துக்கும் உங்களுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். ஒன்று அனுமதிப்பதை மற்றொன்று தடுக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "டவுன்லோட் செய்தாலே ஜெயில்" என்று ஒரு பக்கமும், "நெட்டில் இருப்பதெல்லாம் பொதுச் சொத்து" என்று இன்னொரு பக்கமும் பேச்சு ஓடுகிறது. இரண்டுமே தவறு.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு ஆளை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். கவிதா என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே ஆரி வேலை வகுப்பு நடத்துகிறார். கட்டணம் கட்டிப் பன்னிரண்டு பெண்கள் வருகிறார்கள். ஆரியில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தையல் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலே ஊசி இறங்குவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் துணிக்கு அடியில் இடது கை நூலைப் பிடித்து ஊசியின் கொக்கியில் மாட்டிக் கொடுப்பது யாருக்கும் தெரியாது. சங்கிலித் தையலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. யூடியூப்பில் ஒரு பெண் கேமராவைத் துணிக்குக் கீழே வைத்து, அந்தக் கை அசைவை மட்டும் பன்னிரண்டு நிமிடம் காட்டியிருக்கிறார். கவிதாவுக்கு அந்த வீடியோ வேண்டும். எதற்கு? முதலில் தானே மெதுவாக ஓட்டிப் பார்க்க. அடுத்து, வகுப்பில் போட்டுக் காட்ட, மாணவிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் போட. அப்புறம், தன் வகுப்பின் விளம்பரப் பக்கத்தில் அதிலிருந்து ஒரு துண்டு போட.

மூன்றுக்கும் ஒரே வீடியோதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் இதை ஆள்வது 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். வீடியோவும் அதில் சினிமாப் படத்தின் கணக்கில்தான் வரும். மொபைலில் எடுத்ததாக இருந்தாலும், எங்கேயும் பதிவு செய்யாமல் இருந்தாலும், காப்புரிமை எடுத்த நிமிடத்திலேயே தானாக வந்துவிடுகிறது. 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, படத்தை மின்னணு முறையில் சேமித்து வைப்பதும் உரிமையாளருக்கு மட்டுமே உள்ள உரிமைகளில் ஒன்று என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது 'சேவ்' செய்வது சட்டத்தின் கண்ணில் படாத சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. தனிப்பட்ட உபயோகத்துக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாள்வது மீறல் ஆகாது என்று அதன் முதல் உட்பிரிவு சொல்கிறது. அந்த நோக்கத்துக்காக மின்னணு முறையில் சேமித்து வைப்பதும் மீறல் அல்ல என்று விளக்கமும் இருக்கிறது. ஆகவே கவிதா தனக்காக மட்டும், வீட்டில் உட்கார்ந்து கையசைவைப் படிக்க ஒரு பிரதி வைத்துக்கொள்கிறார் என்றால், சட்டத்தின் பக்கம் அவருக்குச் சொல்லிக்கொள்ள நல்ல வாதம் உண்டு. 'நியாயமான' என்ற அந்தச் சொல்லை அளக்க ஸ்கேல் கிடையாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். எவ்வளவு எடுத்தார், எதற்காக எடுத்தார், எடுத்ததால் அந்தப் பெண்ணுக்கு வருமானம் குறைந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும். "முப்பது விநாடி வரை எடுக்கலாம்" என்று ஒரு விதி உலவுகிறதே, அது சட்டத்தில் எங்கேயும் இல்லை. "கிரெடிட் கொடுத்துவிட்டேன்" என்பதும் அனுமதிக்கு ஈடாகாது. பெயர் போடுவது நல்ல பழக்கம், போட வேண்டியதும்கூட. ஆனால் கேட்காமல் எடுத்ததை அது கேட்டு எடுத்ததாக மாற்றாது.

தெரிந்தே மீறுவதற்கு 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் காரணம் சொல்லிக் குறைக்கலாம். ஒரு பெண் வீட்டில் தையல் வீடியோ ஒன்றை வைத்திருந்ததற்காகப் போலீஸ் வந்து நிற்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. நடைமுறையில் அடி முதலில் விழுவது தளத்தின் பக்கத்திலிருந்துதான்.

தளத்தின் விதி வேறு கதை

யூடியூப்பில் வீடியோ போடுபவர் உரிமையை யூடியூப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. உரிமை அவரிடமே இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அவர் தருவது, யூடியூப் வழியாக, யூடியூப் கொடுத்திருக்கும் வசதிகளுக்குள் பயன்படுத்தும் அனுமதி மட்டும். யூடியூப்புக்கு வெளியே அந்த வீடியோவைப் பயன்படுத்த அது எந்த உரிமையும் தராது என்று விதிமுறையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். டவுன்லோட் செய்வதைப் பற்றியும் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள்: சேவையே அனுமதித்திருந்தால் செய்யலாம், அல்லது யூடியூப்பும் உரிமையாளரும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி தந்திருந்தால் செய்யலாம். பார்ப்பதும்கூட தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு என்கிறார்கள். பொது இடத்தில் திரையிடக் கூடாது என்பதை அங்கே உதாரணமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே கவிதாவின் சொந்தப் பிரதி சட்டத்தில் தப்பலாம். அதையே வெளித் தளம் ஒன்றின் மூலம் இறக்கினால் ஒப்பந்த மீறலாக முடியலாம். இதைப் புரிந்துகொண்டால் வழிகளை ஒப்பிடுவது சுலபம்.

லிங்க்கும் பிளேலிஸ்ட்டும்

மிகவும் சாதாரணமான வழி. வீடியோவுக்குக் கீழே உள்ள 'சேவ்' பட்டனை அழுத்திப் பிளேலிஸ்ட்டில் போட்டுவைத்தால் வீடியோ நகராது. இருக்கும் இடத்துக்கு ஒரு குறிப்பு மட்டும் உங்களிடம் இருக்கும். சட்டத்திலும் சிக்கல் இல்லை, விதியிலும் சிக்கல் இல்லை. வாட்ஸ்ஆப் குழுவுக்கும் இதுவே சரியான வழி. பன்னிரண்டு நிமிட வீடியோவில் வேண்டிய கையசைவு 4:12-இல் தொடங்குகிறது என்றால், அந்த இடத்திலிருந்தே ஓடும்படி லிங்க் அனுப்பலாம். லிங்க்கின் கடைசியில் விநாடியைச் சேர்த்தால் போதும். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி என்றால் 252:

```
https://youtu.be/VIDEO_ID?t=252
```

VIDEO_ID இருக்கும் இடத்தில் அந்த வீடியோவின் குறியீடு வரும். 'ஷேர்' செய்யும்போது கிடைக்கும் லிங்க்கில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் `&t=252` என்று சேர்க்க வேண்டும். வேகத்தை 0.25-க்குக் குறைத்துப் பார்க்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. கையசைவு படிக்க அதற்கு மேல் என்ன வேண்டும்?

இதில் அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். நீண்ட வீடியோ போடுபவருக்கு யூடியூப் விளம்பர வருமானத்தில் பங்கு தரத் தொடங்க, 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். பன்னிரண்டு நிமிட வீடியோவை இருபது பேர் முழுதாகப் பார்த்தால்தான் நான்கு மணி நேரம் சேரும். அந்த 4,000-ஐ எட்டச் சிறிய சேனல்காரர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடியோவைக் கோப்பாக இறக்கி வாட்ஸ்ஆப்பில் சுற்றவிட்டால் அந்தப் பார்வை ஒரு நிமிடம்கூட அவர் கணக்கில் ஏறாது. அது நூறு குழுக்களுக்குப் போனாலும் அவருக்குப் பூஜ்யம்தான். எனக்கு இந்த விஷயத்தில் மனம் ஆறாத இடம் இதுதான். துணிக்கு அடியில் கேமராவைச் சாய்த்து வைத்து, வெளிச்சம் சரிசெய்து, திரும்பத் திரும்ப எடுத்த உழைப்பு அது.

லிங்க்கின் குறை இரண்டு. நெட் வேண்டும். அவர் நீக்கிவிட்டால் உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

ஆப்புக்குள் ஆஃப்லைன்

நெட் தொல்லைக்கு யூடியூப்பே கொடுத்திருக்கும் பதில் இது. இந்தியாவில் 2014 டிசம்பரில் சில வீடியோக்களை 48 மணி நேரம் ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளும் வசதியாகத் தொடங்கியது. இப்போது பிரீமியம் சந்தா கட்டுபவர்களுக்கு முழுமையாகக் கிடைக்கிறது. முப்பது நாளுக்கு ஒரு முறையாவது நெட்டுடன் இணைக்க வேண்டும், இல்லையென்றால் ஓடாது. வீடியோ ஆப்புக்குள்ளேயே இருக்கும். கேலரியில் வராது, பென்டிரைவில் ஏற்ற முடியாது, குழுவில் அனுப்ப முடியாது. உரிமையாளர் நீக்கிவிட்டால், அடுத்த முறை நெட் கிடைத்ததும் உங்கள் பிரதியும் போய்விடும்.

இது உங்களுக்குப் போதாது என்று தோன்றலாம். ஆனால் தனக்காகப் படித்துப் பார்க்கும் கவிதாவுக்கு, சட்டமும் விதியும் இரண்டுமே ஒத்துப்போகிற ஒரே ஆஃப்லைன் வழி இதுதான். பிரீமியம் சந்தாவில் ஒரு பங்கு, பார்க்கப்பட்ட நேரத்தைப் பொறுத்து, வீடியோ போட்டவருக்கும் போகிறது.

வகுப்பில் காட்டுவதற்கு இது சரிவராது. கட்டணம் வாங்கும் வகுப்பு 'தனிப்பட்ட, வணிகமல்லாத' என்ற வரிக்குள் அடங்காது. சட்டத்தில் ஆசிரியர்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் தனி விலக்குகள் உண்டு. பள்ளியில் மாணவர்களும் பெற்றோரும் மட்டும் இருக்கும்போது படம் காட்டுவது அதில் வரும். வீட்டுக் கூடத்தில் நடக்கும் கட்டண வகுப்பைக் 'கல்வி நிறுவனம்' என்று சொல்லலாமா என்பது வாதாட வேண்டிய விஷயம். அதை நம்பி இறங்குவதைவிட, கேட்டு வாங்குவது எளிது.

டவுன்லோடர் தளமும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும்

கோப்பு கைக்கு வருவது இதில்தான். எல்லோரும் போகும் வழியும் இதுதான். இது யூடியூப் கொடுத்த வசதி அல்ல, அதனால் விதியை மீறுகிறது. ஸ்கிரீன் ரெக்கார்டிங் வேறு என்று சிலர் நினைக்கிறார்கள். திரையைப் பதிவு செய்தாலும் பிரதி பிரதிதான்.

அடுத்த சிக்கல் சட்டத்தைச் சேர்ந்ததே அல்ல. பிளே ஸ்டோரில் இப்படிப்பட்ட ஆப்களுக்கு இடமில்லை. அனுமதியில்லாமல் மற்றவர் படைப்பை இறக்க உதவும் ஆப்களைக் கூகுள் அங்கே வைக்க விடுவதில்லை. அதனால் அவை ஏபிகே கோப்பாக வெளியிலிருந்து வருகின்றன. நிறுவும்போது 'தெரியாத ஆப்களை நிறுவ அனுமதி' கேட்கும். பிறகு காண்டாக்ட், எஸ்எம்எஸ் எல்லாம் கேட்கும். வீடியோ இறக்கும் ஆப்புக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? வங்கி ஓடிபி அங்கேதான் வருகிறது. தளங்களிலும் பெரிதாக மின்னும் பச்சை 'டவுன்லோட்' பட்டன் பெரும்பாலும் விளம்பரம்தான். நோட்டிபிகேஷனை அனுமதித்தால்தான் கோப்பு வரும் என்று சொல்லும் தளத்தை உடனே மூடிவிடுவது நல்லது.

ஓடிடி தளங்களில் ஸ்கிரீன் ரெக்கார்டு போட்டால் கறுப்பாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது பூட்டு. மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைப்பதற்குச் சட்டத்தின் 65ஏ பிரிவில் தனியாகவே தண்டனை இருக்கிறது, இரண்டு ஆண்டு வரை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இறக்கிய கோப்பைக் கவிதா தன் விளம்பரப் பக்கத்தில் போட்டால், தனிப்பட்ட உபயோகம் என்ற சட்ட வாதமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதே யூடியூப்பில் தன் சேனலில் போட்டிருந்தால், அந்தப் பெண் கொடுக்கும் ஒரு புகாரில் வீடியோ நீங்கும், சேனலுக்கு ஒரு ஸ்டிரைக் விழும். தொண்ணூறு நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போகலாம். அதோடு கவிதா சொந்தமாக எடுத்துப் போட்டிருந்த வீடியோக்களும் போய்விடும்.

அனுமதி கேட்பது

வகுப்புக்கும் விளம்பரப் பக்கத்துக்கும் இதைத் தவிர நேர்மையான வழி இல்லை. பலர் இதைப் பெரிய வேலையாக நினைக்கிறார்கள். சேனலின் 'அபவுட்' பகுதியில் மின்னஞ்சலோ இன்ஸ்டாகிராம் முகவரியோ பெரும்பாலும் இருக்கும். கேட்கும்போது எந்த வீடியோ, எங்கே, எவ்வளவு, எவ்வளவு காலம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இப்படி:

"வணக்கம் அக்கா. நான் வீட்டில் ஆரி வகுப்பு நடத்துகிறேன், பன்னிரண்டு பேர் படிக்கிறார்கள். துணிக்கு அடியில் கை எப்படி அசைகிறது என்று நீங்கள் காட்டிய சங்கிலித் தையல் வீடியோவை இந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் லேப்டாப்பில் போட்டுக் காட்டலாமா? அதிலிருந்து ஒரு நிமிடத்தை என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உங்கள் சேனல் பெயருடன் போடலாமா? எடிட் செய்ய மாட்டேன், வெட்ட மட்டும் செய்வேன். சம்மதம் என்றால் வீடியோ கோப்பை நீங்களே அனுப்ப முடியுமா?"

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அது முக்கியம். அவர் சரி என்று சொன்ன பிறகும் கவிதா டவுன்லோடரில் இறக்கினால் காப்புரிமைச் சிக்கல் தீர்ந்திருக்கும், தளவிதிச் சிக்கல் அப்படியே நிற்கும். அவரிடம் அசல் கோப்பு இருக்கும். இல்லாவிட்டாலும் தன் வீடியோவை யூடியூப் ஸ்டுடியோவிலிருந்து 720பி தரத்தில் அவரே இறக்கிக்கொள்ள முடியும். அதை டிரைவில் போட்டு அனுப்பினால் யூடியூப் இந்த விஷயத்துக்குள் வருவதே இல்லை. பதில் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் சொன்ன 'சரிம்மா' நாளைக்கு எதற்கும் உதவாது. உரிமத்தைச் சட்டமும் எழுத்தில்தான் எதிர்பார்க்கிறது.

இதில் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, கேட்கும் ஆள் உண்மையான உரிமையாளரா என்பது. வேறு யாரோ எடுத்ததை இறக்கித் தன் சேனலில் போட்டவர் தரும் அனுமதிக்கு மதிப்பில்லை. ஓரத்தில் வேறொரு சேனலின் பெயர் மங்கலாகத் தெரிகிறதா, இடம் வலம் மாறி வலது கையில் இருக்க வேண்டிய ஊசி இடது கையில் தெரிகிறதா, அந்தச் சேனலின் மற்ற வீடியோக்களிலும் அதே தையல் சட்டம், அதே கைகள், அதே குரல்தானா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

இன்னொன்று பின்னணிப் பாட்டு. தையல் வீடியோவில் பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது என்று வையுங்கள். கைகளைப் படம் எடுத்த உரிமை அந்தப் பெண்ணுக்கு, பாட்டின் ஒலிப்பதிவு உரிமை பெரும்பாலும் ஓர் இசை நிறுவனத்துக்கு. தன்னுடையதல்லாத பாட்டுக்கு அவர் அனுமதி தர முடியாது. கவிதா அந்தத் துண்டை யூடியூப்பில் ஏற்றினால் 'கன்டென்ட் ஐடி' என்ற தானியங்கி முறை பாட்டைக் கண்டுபிடித்துவிடும். அந்த நிறுவனம் வீடியோவைத் தடுக்கலாம், அல்லது அதில் வரும் விளம்பரப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். அதனால் கோப்பு வாங்கும்போதே பாட்டில்லாத பிரதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ்

சிலர் முன்கூட்டியே எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். யூடியூப்பில் தேடிய பிறகு ஃபில்டரில் Creative Commons என்பதைத் தேர்ந்தெடுத்தால் அப்படிப்பட்டவை மட்டும் வரும். பெயர் குறிப்பிட்டு, வெட்டி ஒட்டி, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் இந்தக் குறி இருப்பதால் மட்டும் யூடியூப்பில் கோப்பாக இறக்கும் பட்டன் வந்துவிடாது. அங்கேயும் படைப்பாளியிடமே கோப்பு கேட்பது நல்லது. விக்கிமீடியா காமன்ஸ் போன்ற இடங்களில் இறக்கும் பட்டன் அதிகாரபூர்வமாகவே இருக்கிறது, ஒவ்வொரு வீடியோவுக்கும் எந்த உரிமம் என்றும் எழுதியிருக்கும். தமிழில் ஆரி வேலைக்கு அங்கே பெரிதாக எதையும் எதிர்பார்க்க முடியாது என்பதுதான் குறை.

தானே எடுப்பது

கவிதாவுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். அந்த வீடியோவைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ளட்டும். காப்புரிமை வீடியோவுக்குத்தான், சங்கிலித் தையல் போடும் முறைக்கு அல்ல. எண்ணத்துக்கும் கருத்துக்கும் காப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல், ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே அதே தையலைத் தன் கையால் போட்டு, தன் மொபைலைத் துணிக்கு அடியில் வைத்து எடுத்தால் அந்த வீடியோ முழுக்க கவிதாவுடையது. வகுப்பில் காட்டலாம், குழுவில் கோப்பாகவே அனுப்பலாம், விளம்பரத்திலும் போடலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண் சொந்தமாக வரைந்த மயிலோ மாங்காயோ இருந்தால், அந்த வரைபடம் தனியாக ஒரு கலைப் படைப்பு. அதை அப்படியே டிரேஸ் எடுக்காமல், ஒரு நேர்கோட்டிலோ வட்டத்திலோ தையலைக் காட்டினால் போதும்.

மொபைலை ஒரு டப்பாவில் சாய்த்து, துணிக்கு மேலே விளக்கு வைத்தால் கை கறுப்பாகத் தெரியும். விளக்கும் கீழேயே பக்கவாட்டில் இருக்க வேண்டும். வெளிர் நிறத் துணியில் அடர் நிற நூல் போட்டால் கொக்கியில் நூல் மாட்டுவது தெளிவாகத் தெரியும். பின்னணிக்குப் பாட்டு வேண்டுமென்றால் யூடியூப் ஸ்டுடியோவில் 'ஆடியோ லைப்ரரி' என்று ஒரு பகுதி இருக்கிறது. இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சில பாட்டுகளுக்கு மட்டும் வீடியோவின் விளக்கத்தில் இசையமைத்தவர் பெயர் போட வேண்டும். எதற்குப் போட வேண்டும் என்பது அந்தப் பாட்டின் எதிரிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.